எண்ணைச் சரிபார்த்த பிறகே படம்

நகைக்கடைக்காரர், தனியார் பள்ளி நடத்துபவர், சிறுதானிய மாவு விற்பவர், சமையல் வலைப்பூ எழுதுபவர் என்று இன்று பலரும் இன்ஃபோகிராபிக் கேட்கிறார்கள். இரண்டு பக்கம் எழுதி விளக்க வேண்டிய விஷயத்தைச் சில எண்கள், சில பட்டைகள், ஒன்றிரண்டு சித்திரங்களோடு ஒரே படத்தில் சொல்லிவிடுவதுதான் அது. வீட்டிலிருந்தே இதைச் செய்து தருகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கேட்பவரும் செய்பவரும் உட்கார்ந்தால் முதலில் நிறத்தைப் பேசுவார்கள், பிறகு எழுத்துருவை, பிறகு லோகோ எந்த மூலையில் வர வேண்டும் என்பதை. படத்தில் வரப்போகும் எண் எங்கிருந்து வந்தது என்ற பேச்சு கடைசியில்தான் வரும். பல நேரங்களில் வராமலேயே போய்விடும். இந்தத் தொழிலில் கடினமான வேலை அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான். கூலியில் முதல் பங்கும் அந்த வேலைக்கே போக வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இன்ஃபோகிராபிக் செய்து தருவோரின் விளம்பரங்களிலேயே ஒரு வாசகத்தை அடிக்கடி பார்க்கலாம். "மனித மூளை எழுத்தைவிடப் படத்தை 60,000 மடங்கு வேகமாகப் புரிந்துகொள்கிறது" என்று இருக்கும். கீழே, 3எம் நிறுவனத்தின் ஆய்வு என்று போட்டிருப்பார்கள். அந்த ஆய்வைத் தேடிப் போனவர்களுக்கு அப்படி ஒன்று கிடைக்கவில்லை. ஒருவர் இன்னொருவரைக் காட்டுகிறார், அவர் வேறொருவரைக் காட்டுகிறார். சங்கிலியின் மறுமுனையில் யாரும் எதையும் அளந்து பார்த்ததற்கான தடயம் இல்லை.

தங்கமீன் கதையும் இப்படித்தான். மனிதரின் கவனம் 12 விநாடியிலிருந்து 8 விநாடியாகக் குறைந்துவிட்டது, தங்கமீனுக்குக்கூட 9 விநாடி உண்டு என்று மைக்ரோசாஃப்டின் கனடா பிரிவு 2015-இல் வெளியிட்ட அறிக்கையில் வந்தது. உலகம் முழுக்க அதைப் படமாக்கினார்கள். ஆனால் அந்த எண் மைக்ரோசாஃப்ட் அளந்தது அல்ல. 'ஸ்டாடிஸ்டிக் பிரெய்ன்' என்ற இணையதளத்திலிருந்து எடுத்தது. அந்தத் தளம் காட்டிய மூலங்களை 2017-இல் பிபிசி தேடிப் பார்த்தபோது, எண்ணுக்கு ஆதாரமான ஆய்வு எதுவும் அகப்படவில்லை. பெரிய நிறுவனத்தின் பெயர் இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரு எண்ணுக்கு இணைப்பு கொடுப்பது வேறு, மூலம் காட்டுவது வேறு. யார் எண்ணினார்கள், யாரை எண்ணினார்கள், எப்போது எண்ணினார்கள் என்ற மூன்றுக்கும் பதில் இருக்கும் இடம்தான் மூலம்.

இதை ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொண்டு பார்ப்போம். ஒரு சிறு பதிப்பகம் புத்தகக் கண்காட்சிக்காக ஒரு படம் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் பெண்கள் எழுத்தறிவு வளர்ந்ததுதான் பொருள். வாடிக்கையாளர் கையோடு ஒரு குறிப்பும் அனுப்புகிறார்: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.33 சதவீதம், ஆண்கள் 86.81, பெண்கள் 73.86. "எண்ணெல்லாம் ரெடியா இருக்கு, டிசைன் மட்டும் போதும்" என்கிறார்.

இணையத்தில் தேடினால் ஏராளமான தளங்கள் அதே எண்களைத் தருகின்றன. வேறு சில தளங்களோ 80.09 என்கின்றன. அவற்றில் ஆண்கள் 86.77, பெண்கள் 73.44. இரண்டு வகைத் தளங்களும் 2011 கணக்கெடுப்பையே மூலமாகக் காட்டுகின்றன. அவசரக்காரர் எது அதிகத் தளங்களில் இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்வார். அது சரிபார்ப்பு ஆகாது. நூறு தளங்கள் ஒரே இடத்திலிருந்து நகலெடுத்திருந்தால் அவை நூறு சாட்சிகள் அல்ல, ஒரே சாட்சிதான்.

இரண்டு எண்களுமே அரசு வெளியிட்டவை என்பதுதான் இங்கே விஷயம். 2011 பிப்ரவரியில் கணக்கெடுப்பாளர்கள் வீடு வீடாகச் சென்று முடித்தவுடன், அவர்கள் தயாரித்த சுருக்கத் தொகுப்புகளைக் கூட்டித் தற்காலிக எண்களை வெளியிட்டார்கள். நாடு முழுவதற்குமான தற்காலிக எண்கள் 2011 மார்ச் 31 அன்றே வந்துவிட்டன. அதன் பிறகுதான் படிவங்கள் ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து இறுதி எண்களைக் கணக்கிட்டார்கள். அவை 2013-இல் வெளிவந்தன. 80.33 தற்காலிக எண், 80.09 இறுதி எண். தமிழ்நாட்டின் மக்கள்தொகையும் அதேபோல் 7,21,38,958-இலிருந்து 7,21,47,030 ஆனது. செய்தித்தாள்களும் பொது அறிவுத் தளங்களும் 2011-இல் கிடைத்த எண்ணைப் போட்டுவிட்டு, 2013-இல் திரும்பிப் பார்க்கவில்லை. அதனால்தான் பழைய எண் இன்னும் உலவுகிறது.

இறுதி எண் எப்போதும் குறைவாகத்தான் இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளவும் முடியாது. கேரளத்தில் 93.91 என்று இருந்தது இறுதியில் 94.00 ஆனது. அட்டவணையின் தலைப்பைத்தான் பார்க்க வேண்டும். 'புரொவிஷனல் பாப்புலேஷன் டோட்டல்ஸ்' என்று இருந்தால் அது தற்காலிகம். 'பிரைமரி சென்சஸ் ஆப்ஸ்ட்ராக்ட்' என்று இருந்தால் அது இறுதி. censusindia.gov.in தளத்தில் இரண்டும் இருக்கின்றன.

மூலத்தைக் கண்டுபிடித்ததோடு வேலை முடியவில்லை. அந்தச் சதவீதம் யாரில் எத்தனை பேர் என்பதைச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். எழுத்தறிவு விகிதம் ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை மட்டுமே அடிப்படையாகக் கொண்டது. கைக்குழந்தையைக் கல்லாதவர் கணக்கில் சேர்ப்பதில்லை. இதை நாமே வகுத்துப் பார்த்துவிடலாம். 2011 இறுதிக் கணக்கில் தமிழ்நாட்டில் எழுத்தறிவு பெற்றவர்கள் 5,18,37,507 பேர். மொத்த மக்கள்தொகையிலிருந்து ஆறு வயது வரையிலான 74,23,832 குழந்தைகளைக் கழித்தால் 6,47,23,198 பேர் மிஞ்சுகிறார்கள். முதல் எண்ணை இதனால் வகுத்தால் 80.09 கிடைக்கிறது. குழந்தைகளைக் கழிக்காமல் மொத்த மக்கள்தொகையால் வகுத்தால் 71.85தான் வரும். எங்காவது ஒரு தளத்தில் தமிழ்நாட்டுக்கு 72 சதவீதம் என்று பார்த்தால், யாரோ குழந்தைகளையும் சேர்த்து வகுத்துவிட்டார்களா என்று முதலில் சந்தேகப்படலாம். சதவீதத்தை அப்படியே நம்பாமல் அதன் மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் தேடி எடுத்து வகுத்துப் பார்ப்பது பத்து நிமிட வேலை. இந்தத் தொழிலில் இதைவிடப் பயனுள்ள பழக்கம் வேறில்லை.

இந்த வயது விஷயம் இன்னொரு இடத்திலும் காலை வாரும். சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியாவின் எழுத்தறிவு எப்படி ஏறியது என்று 1951 முதல் ஒரே கோடாக வரைந்த படங்களை எல்லோரும் பார்த்திருப்போம். 1951-இல் 18.33, 1961-இல் 28.3, 1971-இல் 34.45, 1981-இல் 43.57 என்று அது ஏறிக்கொண்டே போகும். முதல் மூன்று எண்களும் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களைக் கொண்டு கணக்கிட்டவை. 1981 முதல் உள்ளவை ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களைக் கொண்டவை. ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளை விட்டுவிட்டாலே விகிதம் கொஞ்சம் உயரும். ஆக, 1971-க்கும் 1981-க்கும் நடுவே ஏறியதில் ஒரு பகுதி படிப்பால் வந்தது அல்ல, கணக்கு முறை மாறியதால் வந்தது. அந்த இடத்தில் கோட்டை உடைத்துக் காட்டி, கீழே ஒரு வரி எழுத வேண்டும். அசாமில் 1981-இலும், ஜம்மு காஷ்மீரில் 1991-இலும் கணக்கெடுப்பு நடக்கவில்லை என்பதையும் அதே வரியில் சேர்க்கலாம்.

நம் பதிப்பகத்தின் படத்துக்கு இவ்வளவு பின்னால் போகத் தேவையில்லை. 1991 முதல் தொடங்கினால் மூன்று கணக்கெடுப்புகளும் ஒரே அடிப்படையில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 1991-இல் ஆண்கள் 73.75, பெண்கள் 51.33. 2001-இல் ஆண்கள் 82.42, பெண்கள் 64.43. 2011-இல் ஆண்கள் 86.77, பெண்கள் 73.44. இந்த ஆறு எண்களை வரிசையாக எழுதி வைத்தவுடன் வாடிக்கையாளர் கேட்ட கதையைவிட நல்ல கதை ஒன்று தெரிகிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே இருந்த இடைவெளி முதலில் 22.42, பிறகு 17.99, கடைசியில் 13.33. பெண்கள் வளர்ந்தார்கள் என்பதோடு ஆண்களை நெருங்கி வந்தார்கள் என்பதும் சேர்கிறது. வாடிக்கையாளர் தந்த தற்காலிக எண்களைப் போட்டிருந்தால் கடைசி இடைவெளி 12.95 ஆகியிருக்கும். "இடைவெளி 13-க்கும் கீழே இறங்கியது" என்று தலைப்பே வைத்திருப்பார்கள். அது பொய்யாகியிருக்கும்.

இனி வடிவம். இந்தக் கதைக்கு இரண்டு கோடுகள் போதும், மேலே ஆண்கள், கீழே பெண்கள். இரண்டும் நெருங்குவது கண்ணுக்கு உடனே தெரியும். பலர் இதற்கு வட்ட வரைபடம் போடுவார்கள். அது இங்கே தவறு. வட்டம் என்பது ஒரு முழுமையின் பங்குகளைக் காட்டுவது. ஆண்களின் 86.77-உம் பெண்களின் 73.44-உம் ஒரே முழுமையின் பங்குகள் அல்ல, கூட்டினால் 160-ஐத் தாண்டும். மென்பொருள் இதைத் தடுக்காது. கேட்ட எண்ணைக் கொண்டு வட்டத்தைப் பிரித்துத் தந்துவிடும்.

பட்டை வரைபடமாக வேண்டும் என்றால் பட்டை பூஜ்யத்திலிருந்து கிளம்ப வேண்டும். பட்டையில் நாம் படிப்பது அதன் நீளத்தை. மொத்த எழுத்தறிவு 2001-இல் 73.45, 2011-இல் 80.09. உண்மையில் இரண்டாவது முதலாவதைவிட ஒன்பது சதவீதம் பெரியது. வித்தியாசம் எடுப்பாகத் தெரியட்டும் என்று அச்சை 60-இல் தொடங்கினால், முதல் பட்டை 13.45 உயரமும் இரண்டாவது 20.09 உயரமும் ஆகிவிடும். பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றரை மடங்கு வளர்ச்சி. ஓர் எண்கூடத் தவறில்லை, ஆனால் படம் தவறு. கோட்டு வரைபடத்தில் சரிவைத்தான் படிக்கிறோம் என்பதால் அச்சு பூஜ்யத்தில் தொடங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. தொடங்காவிட்டால் அதைத் தெளிவாகக் குறித்துவிட வேண்டும்.

சித்திரங்களில் வரும் பிழை இன்னும் நுட்பமானது. பதிப்பகம்தானே, பட்டைக்குப் பதில் புத்தகம் வரையலாம் என்று தோன்றும். 1991-இன் 51.33-க்கு ஒரு சிறிய புத்தகம், 2011-இன் 73.44-க்கு ஒரு பெரிய புத்தகம். எண் 1.43 மடங்கு கூடியிருக்கிறது என்று புத்தகத்தின் உயரத்தை 1.43 மடங்காக்கினால், மென்பொருள் அகலத்தையும் அதே அளவு கூட்டிவிடும். பரப்பு இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். கண் பரப்பைத்தான் பார்க்கும். இதற்கு ஒரு நல்ல வழியை ஓட்டோ நாய்ராட் காட்டினார். 1925-இல் வியன்னாவில் சமூகப் பொருளாதார அருங்காட்சியகத்தைத் தொடங்கியவர் அவர். படத்தைப் பெரிதாக்காதே, ஒரே அளவுள்ள படத்தை அதிகமுறை போடு என்பது அவருடைய முறை. நம் படத்திலும் நூறு பெண் உருவங்களைப் பத்துக்குப் பத்தாக அடுக்கி, 1991-க்கு 51, 2001-க்கு 64, 2011-க்கு 73 உருவங்களுக்கு மட்டும் நிறம் கொடுக்கலாம். பள்ளிக் குழந்தையும் எண்ணிப் பார்த்துப் புரிந்துகொள்ளும்.

வாசகத்திலும் ஒரு குழி இருக்கிறது. பெண்கள் எழுத்தறிவு பத்தாண்டில் 64.43-இலிருந்து 73.44 ஆனது. இதை 9 சதவீதப் புள்ளிகள் உயர்ந்தது என்றும் சொல்லலாம், 14 சதவீதம் வளர்ந்தது என்றும் சொல்லலாம். இரண்டும் கணக்குப்படி சரி. வாடிக்கையாளர் பெரிய எண்ணைத்தான் கேட்பார். ஆனால் சதவீதத்தில் அளந்த ஒன்றின் வளர்ச்சியை மறுபடியும் சதவீதத்தில் சொன்னால், 64-உடன் 14-ஐக் கூட்டி 78 என்று வாசகர் எடுத்துக்கொள்வார். ஆகவே "64-இலிருந்து 73 ஆனது" என்று இரண்டு முனைகளையும் எழுதிவிடுவதே நேர்மையான வழி. தேசியக் குடும்பநல ஆய்வில் இதைவிடப் புதிய எண் இருக்கிறதே, அதையும் கோட்டில் சேர்க்கலாமே என்றும் கேட்பார்கள். அந்த ஆய்வு 15 முதல் 49 வயது வரையிலான பெண்களைப் பற்றியது. பாட்டிமார்கள் அதில் இல்லை. தனியாகப் போடலாம், ஒரே கோட்டில் இணைக்கக் கூடாது.

தமிழில் படம் செய்பவருக்கென்று சில தொல்லைகள் உண்டு. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. அச்சுக்குக் கீழே அவற்றைச் சாய்த்து எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். பட்டைகளைப் படுக்கையாகப் போட்டால் சொல்லுக்கு இடம் கிடைக்கும். இல்லஸ்ட்ரேட்டர் போன்ற மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான எழுத்தமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 'பெண்கள்' என்ற சொல்லே உடைந்துவிடும். முக்தா மலர், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோடு எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். எக்செல் பெரிய எண்களுக்கு மேலைநாட்டு முறையில் காற்புள்ளி போட்டால், 72,147,030 என்பதைப் படித்து ஏழு கோடி என்று உணர நம் வாசகருக்கு நேரமாகும். எண் வடிவத்தில் இதைக் கொடுத்தால் லட்சம், கோடி முறையில் மாறிவிடும்:

```
[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0
```

நிறத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. படத்தைக் கறுப்பு வெள்ளையில் ஒருமுறை அச்செடுத்துப் பாருங்கள். இரண்டு கோடுகளும் ஒன்றுபோல் தெரிந்தால், நிறக்குருடு உள்ளவருக்கும் அவற்றைப் பிரித்தறிவது கடினமாக இருக்கலாம். கோட்டின் நுனியிலேயே 'ஆண்கள்', 'பெண்கள்' என்று எழுதிவிட்டால் இந்தச் சிக்கல் தீரும்.

இதற்கெல்லாம் நடுவே ஒரு தாள் வளர்ந்துகொண்டே வர வேண்டும். மூலத்தாள் என்று சொல்லலாம். படத்தில் வரும் ஒவ்வொரு எண்ணுக்கும் அதில் ஒரு வரி: எண், அது எதைக் குறிக்கிறது, எந்த வெளியீடு, எந்த அட்டவணை, எந்த வயது அடிப்படை, என்றைக்குப் பார்த்தது. அரசுத் தளங்களின் முகவரிகள் மாறிவிடும் என்பதால் கோப்பை இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். படம் முடிந்த பிறகு, மூலத்தாளை ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் படத்தில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். 73.44 என்பது 74.33 என்று தட்டச்சாகியிருந்தால் செய்தவர் கண்ணுக்குத் தெரியாது. அவர் கண்ணுக்கு அது சரியாகவே தெரியும்.

வாடிக்கையாளரின் சொந்த எண்களுக்கும் இந்த விதி பொருந்தும். "எங்கள் விற்பனை 40 சதவீதம் கூடியது" என்று ஒரு நிறுவனம் போடச் சொன்னால், எந்த மாதத்தோடு எந்த மாதத்தை ஒப்பிட்டார்கள் என்று கேட்க வேண்டும். தீபாவளி மாதத்தை ஆடி மாதத்தோடு ஒப்பிட்டால் எந்தத் துணிக்கடையும் வளரும். கணக்கைப் பார்த்துவிட்டு, "நிறுவனம் தந்த தகவல்" என்று படத்தின் கீழே எழுத வேண்டும். ஆய்வை ஆதாரமாகக் காட்டும் விளம்பரத்தில் அந்த ஆய்வின் மூலமும் தேதியும் இருக்க வேண்டும் என்று இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலின் நெறிமுறை சொல்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. நிறுவனத்தின் பெயரில் போகும் படம் விளம்பரம்தான் என்பதை இரு தரப்பும் நினைவில் வைக்க வேண்டும்.

இப்போது விலைக்கு வருவோம். இந்த வேலைக்குப் பெரும்பாலும் மணிக்கணக்கில் கூலி பேசுவதில்லை, படத்துக்கு இவ்வளவு என்றுதான் பேசுகிறார்கள். வாடிக்கையாளருக்கு அதுதான் வசதி, மொத்தச் செலவு முன்பே தெரிந்துவிடுகிறது. செய்பவருக்கு அதில் ஓர் ஆபத்து உண்டு. டிசைன் செய்ய எத்தனை நேரம் ஆகும் என்று அனுபவத்தில் சொல்லிவிடலாம். ஓர் எண்ணின் மூலத்தைக் கண்டுபிடிக்க எத்தனை நேரம் ஆகும் என்று சொல்ல முடியாது. ஒன்று ஐந்து நிமிடத்தில் கிடைக்கும், இன்னொன்று அரை நாளை விழுங்கும். மொத்தமாக ஒரு தொகைக்கு ஒத்துக்கொண்டவர், நேரம் போகப் போக எதைக் குறைப்பார்? வெளியே தெரியாத வேலையைத்தான் குறைப்பார். தவறான எண்கள் படத்தில் ஏறுவதற்கு முக்கியக் காரணம் அறியாமை அல்ல, இப்படிப் பேசப்பட்ட விலைதான்.

ஆகவே கொட்டேஷனை இரண்டாகப் பிரிப்பதே நல்லது. முதல் கட்டம் தகவல் சரிபார்ப்பு. அதற்குத் தனித் தொகை, அதன் முடிவில் மூலத்தாள் வாடிக்கையாளர் கைக்குப் போகும். இரண்டாம் கட்டம் வடிவமைப்பு. சரிபார்த்ததில் கதையே மாறிவிட்டால், அல்லது நினைத்த படத்துக்கு ஆதாரமே இல்லை என்று தெரிந்தால், வாடிக்கையாளர் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். முதல் கட்டத் தொகை செய்தவருக்குச் சேரும். "எண் நாங்களே தருகிறோம், அதைக் கழித்துக்கொள்ளுங்கள்" என்று கேட்பவர்களுக்கு நம் பதிப்பகத்தின் கதையைச் சொல்லலாம். தந்த எண்ணையும் சரிபார்க்க வேண்டித்தான் இருந்தது.

தொகையை எப்படிப் போடுவது? கீழே உள்ளது கணக்குப் போடும் முறையைக் காட்ட மட்டுமே, சந்தை விலை அல்ல. ஒருவருக்கு மாதம் 40,000 ரூபாய் வேண்டும் என்று வைப்போம். மாதம் 160 மணி நேரம் உழைத்தாலும் அதில் பாதி வாடிக்கையாளரைத் தேடுவது, பேசுவது, பணம் வசூலிப்பது, கற்றுக்கொள்வது என்று போய்விடும். கூலி வாங்கக்கூடிய நேரம் 80 மணி என்றால், மணிக்கு 500 ரூபாய். நம் படத்துக்கு ஆண், பெண், மொத்தம் என்று மூன்று கணக்கெடுப்புகளிலும் சேர்த்து ஒன்பது எண்கள். தேவையைப் பேசித் தெளிவுபடுத்த ஒரு மணி, ஒன்பது எண்களையும் தேடி வகுத்துப் பார்க்க நான்கு மணி, கையால் கோட்டுருவம் போட இரண்டு மணி, கணினியில் செய்ய ஐந்து மணி, கடைசிச் சரிபார்ப்புக்கு ஒரு மணி, திருத்தங்களுக்கு மூன்று மணி. மொத்தம் 16 மணி, 8,000 ரூபாய். மின்சாரம், மென்பொருள், இணையம் என்று பத்து சதவீதம் சேர்த்தால் 8,800. இதில் தேடலும் கடைசிச் சரிபார்ப்பும் ஐந்து மணி, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இந்தப் பங்கு கொட்டேஷனில் தனி வரியாகத் தெரிய வேண்டும்.

படத்தின் நீள அகலத்தைவிட அதில் உள்ள எண்களின் எண்ணிக்கைதான் விலையைத் தீர்மானிக்கிறது என்பது இந்தக் கணக்கிலிருந்து தெரியும். ஒரே பொருளில் மூன்று படங்கள் கேட்டால் மூன்று மடங்கு வாங்க வேண்டியதில்லை, தேடல் ஒருமுறைதான். வலைப்பூ எழுதுபவருக்கு ஒரே அளவில் ஒரு படம் போதும். நிறுவனத்துக்கு இன்ஸ்டாகிராமுக்குச் சதுரம், அரங்குக்குப் பெரிய அச்சு, கூட்டத்தில் காட்ட ஒரு ஸ்லைடு என்று வேண்டியிருக்கும். அதற்குத் தனியே சேர்க்க வேண்டும்.

கரெக்ஷன் இரண்டு முறை என்று எழுதும்போது, நிறமும் இடமும் மாற்றுவதற்குத்தான் அது என்பதைச் சொல்லிவிட வேண்டும். புது எண் சேர்க்கச் சொன்னால் அது திருத்தம் அல்ல, புது வேலை. செய்தவரின் எண் தவறாக இருந்தால் மட்டும், எத்தனை மாதம் கழித்து வந்தாலும் காசு வாங்காமல் திருத்தித் தர வேண்டும். பாதித் தொகையை முன்பணமாக வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்குவதும், இறுதிக் கோப்புகளை மீதித் தொகை வந்த பிறகு அனுப்புவதும் நல்ல வழக்கம்.

உரிமையைப் பற்றிப் பலர் பேசுவதே இல்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருந்தால்தான் செல்லும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்தப் பகுதிக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் புத்தகம் விற்கும் பதிப்பகம் இதைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டால் பின்னால் சிக்கல் வரலாம். கொட்டேஷனிலேயே இரண்டு வரி எழுதிவிட்டால் போதும்.

படம் செய்யக் கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வந்த கொட்டேஷன்களில் மிகக் குறைந்ததைத் தேர்ந்தெடுக்கும் முன், அவர் உங்களிடம் எண்ணின் மூலத்தைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்டாரா என்று பாருங்கள். கேட்கவில்லை என்றால் அவர் விலையில் சரிபார்ப்பு இல்லை. வேலை முடிந்ததும் படத்தோடு மூலத்தாளையும் கேட்டு வாங்குங்கள். அதிலிருந்து ஏதாவது இரண்டு எண்களை எடுத்து, அட்டவணையைத் திறந்து நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐ அடிப்படைத் தேதியாகக் கொண்டு அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதன் எழுத்தறிவு எண்கள் வெளியாகும்போது இந்தப் படத்தில் நான்காவது புள்ளியைச் சேர்க்க வேண்டியிருக்கும். முதலில் வருவது தற்காலிக எண்ணாக இருந்தால், புள்ளியின் பக்கத்திலேயே 'தற்காலிகம்' என்று எழுதுங்கள். இறுதி எண் வந்ததும் மாற்றித் தருவதற்கான கூலியையும் கொட்டேஷனில் இப்போதே ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.